லெஸ்ஸார் யாரு, லெஸ்ஸீ யாரு: பெங்களூர் வாடகை அக்ரிமென்ட்ல யார் பேரு எங்க வரணும்

"அண்ணா, பெங்களூர்ல கக்கதாசபுரா பக்கம் வீடு பிடிச்சு டோக்கன் அட்வான்ஸும் குடுத்தாச்சு. அக்ரிமென்ட் டிராஃப்ட் வந்திருக்கு. முதல் பக்கத்துல லெஸ்ஸார், லெஸ்ஸீன்னு போட்டிருக்காங்க, அடுத்த பக்கத்துல லாண்ட்லார்ட், டெனன்ட்னு வருது, ஸ்டாம்ப் பேப்பர்ல ஃபர்ஸ்ட் பார்ட்டி, செகண்ட் பார்ட்டி. இதுல நான் யாரு? வீடு அந்த ஆன்ட்டி பேர்ல இருக்கு, ஆனா அவங்க பையன்தான் கையெழுத்து போடுவாராம், வாடகையும் அவர் அக்கவுண்டுக்குத்தானாம். பரவால்லையா?"

நீங்க லெஸ்ஸீ. டெனன்டும் நீங்கதான், செகண்ட் பார்ட்டியும் பெரும்பாலும் நீங்கதான். ஆன்ட்டி லெஸ்ஸார். பையன் கையெழுத்து போடலாம், ஆனா அவர் பேருலயே போட்டா பரவால்லைன்னு சொல்ல மாட்டேன், அம்மாவுக்காகன்னு எழுதிட்டுத்தான் போடணும். அது ஏன்னு கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா வார்த்தைக்கு அர்த்தம் தெரியறதை விட அந்த வார்த்தைக்குள்ள யாரை உட்கார வைக்கிறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல இந்த லெஸ்ஸார், லெஸ்ஸீ குழப்பம். இங்கிலீஷ்ல 'ஆர்'னு முடிஞ்சா குடுக்கறவர், 'ஈ'ன்னு முடிஞ்சா வாங்கிக்கறவர், அவ்வளவுதான் கணக்கு. வேலை குடுக்கறவர் எம்ப்ளாயர், வேலைல சேர்றவர் எம்ப்ளாயீ. வீட்டைக் குடுக்கறவர் லெஸ்ஸார், வீட்டை வாங்கி அனுபவிக்கறவர் லெஸ்ஸீ. ஆனா நம்மாளுங்களுக்கு இது மண்டைல நிக்காம போறதுக்கு ஒரு காரணம் இருக்கு, தமிழ்ல 'ஈ'ன்னா குடுன்னு அர்த்தம், ஈகை, ஈதல் எல்லாம் அதுலேர்ந்துதான், அதனால லெஸ்ஸீன்னு பார்த்ததும் குடுக்கறவர்னு மனசு போயிடும். நான் அதையே திருப்பிப் போட்டு வச்சிருக்கேன்: மாசாமாசம் வாடகை ஈபவர் லெஸ்ஸீ. இதுக்கப்புறம் எனக்கு ஒரு தடவை கூட மாறினதில்லை.

இந்த ரெண்டு வார்த்தையும் டைப்பிங் கடைக்காரர் கண்டுபிடிச்சது இல்ல. 1882-ல வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல 105-வது பிரிவுல இருக்கு. அனுபவிக்கற உரிமையை மாத்திக் குடுக்கறவர் லெஸ்ஸார், ஏத்துக்கறவர் லெஸ்ஸீ, அதுக்கு விலையா மொத்தமா ஒரு தொகை குடுத்தா பிரீமியம், காலக்கெடு வச்சு குடுத்துட்டே இருந்தா ரென்ட். லாண்ட்லார்ட், டெனன்ட் வேற குடும்பம். மாநிலங்களோட வாடகைக் கட்டுப்பாட்டு சட்டங்கள் பேசற பாஷை அது. கர்நாடகாவுக்கு 1999 வாடகைச் சட்டம் இருக்கு, அதுல லாண்ட்லார்ட், டெனன்ட்னுதான் வரும். ஆனா பெங்களூர்ல மாசம் 3,500 ரூபாய்க்கு மேல வாடகை போற வீட்டுக்கு அந்த சட்டம் பொருந்தாது. இன்னைக்கு 3,500-க்கு கக்கதாசபுரால பைக் நிறுத்த இடம் கிடைக்குமான்னே சந்தேகம். அதனால உங்க வீடு, என் வீடு எல்லாமே அந்த 1882 சட்டத்துக்கு கீழதான் வருது, இங்க நிறைய டிராஃப்ட்ல லெஸ்ஸார் லெஸ்ஸீன்னு இருக்கறது பொருத்தம்தான். மத்திய அரசு 2021-ல வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் தெளிவா, லெஸ்ஸார்னு கூப்பிட்டாலும் வேற எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் அவர் லாண்ட்லார்ட்தான்னு சொல்லிடுது. மாநிலம் ஏத்துக்கிட்டாதான் அது சட்டம், ஆனா பார்வை அதுதான். ஆக வீட்டு வாடகைல ரெண்டு ஜோடியும் ஒண்ணுதான்னு எடுத்துக்கலாம்.

கிட்டத்தட்ட ஒண்ணு. ஒரே ஒரு இடத்துல பிசகும், அது சரியா உங்க கேஸ்.

அந்த கர்நாடகா சட்டத்துல லாண்ட்லார்டுக்கு குடுத்திருக்கற அர்த்தம் ரொம்ப அகலமானது. வாடகையை இப்போ வாங்கிட்டிருக்கறவர், இல்ல வாங்க உரிமை உள்ளவர், தனக்காக வாங்கினாலும் சரி, இன்னொருத்தருக்காக வாங்கினாலும் சரி, அவர் லாண்ட்லார்ட். அந்தக் கணக்குப்படி அம்மாவுக்காக மாசாமாசம் வாடகை வாங்கற பையனையும் லாண்ட்லார்டுன்னு சொல்லிடலாம். ஆனா லெஸ்ஸார்ங்கறவர் உரிமையை மாத்திக் குடுக்கறவர். கைல உரிமை இருந்தாதானே குடுக்க முடியும்? வீடு ஆன்ட்டி பேர்ல இருக்கறப்போ, அவங்க எழுதிக் குடுக்காம பையன் குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஓனர், லாண்ட்லார்ட், லெஸ்ஸார்னு மூணையும் நாம ஒரே ஆளா நினைச்சுக்கறோம், பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஆனா எப்பவும் இல்ல. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பிஜி நடத்தறவங்களைப் பாருங்க. பில்டிங் வேற யாருதோ, அதை மொத்தமா எடுத்து ரூம் ரூமா விடுவாங்க. பில்டிங் ஓனருக்கு முன்னாடி அவங்க லெஸ்ஸீ, அவங்ககிட்ட ரூம் எடுக்கற பசங்களுக்கு அவங்கதான் 'ஓனர் அண்ணா'. ஒரே மனுஷன், மேல பார்த்தா வாடகைக்காரர், கீழ பார்த்தா வீட்டுக்காரர்.

சரி, உங்க கேஸை எடுத்துக்கலாம். வாடகை 22,000, டெபாசிட் 1,50,000, 1.6.2025-லேர்ந்து 11 மாசம்னு வச்சுக்குவோம், அப்போ 30.4.2026-ல முடியுது. இந்த 11 மாசம் எதுக்குன்னு தெரிஞ்சிருக்கும், ஒரு வருஷத்துக்கு மேல போனா பத்திரத்தை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அதைத் தவிர்க்கத்தான்.

டிராஃப்ட்ல முதல்ல இப்படி ஒரு பாரா வரணும். இங்கிலீஷ்ல இருக்கும், நான் அதோட சாரத்தை தமிழ்ல போடறேன்:

"திருமதி அ, இன்னாரின் மனைவி, வயது 62, இன்ன முகவரியில் வசிப்பவர், இனி இதில் லெஸ்ஸார் என்று குறிக்கப்படுவார், இச்சொல் அவருடைய வாரிசுகளையும் சட்டப் பிரதிநிதிகளையும் உள்ளடக்கும். இவர் சார்பில் பொது அதிகார ஆவணம் பெற்ற இவருடைய மகன் திரு. ஆ கையெழுத்திடுகிறார். இது ஒருபுறம். திரு. இ, இன்னாரின் மகன், வயது 29, இன்ன கம்பெனியில் பணிபுரிபவர், நிரந்தர முகவரி இன்னது, இனி லெஸ்ஸீ என்று குறிக்கப்படுவார். இது மறுபுறம்."

இதுல மூணு விஷயம் கவனிங்க. பார்ட்டி அம்மா, பையன் இல்ல. பையன் வெறும் கை, அம்மாவோட கை. கடைசிப் பக்கத்துல லெஸ்ஸார்ங்கற வார்த்தைக்கு மேல அவர் போடற கையெழுத்துக்குக் கீழயும் "திருமதி அ-வுக்காக, ஜிபிஏ ஹோல்டர்"னு இருக்கணும். அந்த ஜிபிஏவோட, அதாவது பொது அதிகார ஆவணத்தோட, ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி, வாடகைக்கு விடற அதிகாரமும் வாடகை, டெபாசிட் வாங்கற அதிகாரமும் அதுல எழுதியிருக்கான்னு பாருங்க, சிலதுல பேங்க் வேலைக்கு மட்டும்தான் அதிகாரம் குடுத்திருப்பாங்க. ஜிபிஏவே இல்லைன்னு சொன்னா சண்டை போட வேண்டாம், ஆன்ட்டியே கையெழுத்து போடட்டும், பையன் சாட்சி போடட்டும், அது இதைவிட சுலபம். அம்மா ஊர்ல இருக்காங்க, வர முடியாதுன்னா பேப்பரை கூரியர்ல அனுப்பி வாங்கலாம், ஒரு வாரம் தாமதமானா என்ன இப்போ.

வீடு நிஜமாவே ஆன்ட்டி பேர்லதானான்னு எப்படித் தெரியும்? கடைசியா கட்டின சொத்து வரி ரசீது, இல்ல மாநகராட்சி பதிவுல சொத்து யார் பேர்ல இருக்குன்னு காட்டற காத்தா, ரெண்டுல ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. கரண்ட் பில்லை மட்டும் நம்பாதீங்க, நிறைய வீட்ல பில் இன்னும் தாத்தா பேர்லயோ பழைய ஓனர் பேர்லயோ வந்துட்டிருக்கும்.

ரெண்டாவது, அந்த "வாரிசுகளையும் உள்ளடக்கும்"ங்கற வால். பார்க்க வக்கீல் பந்தா மாதிரி இருக்கும், ஆனா லெஸ்ஸார் பக்கம் அது உங்களுக்காக இருக்கற வால். நாளைக்கு ஆன்ட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டியது வாரிசுகளோட பொறுப்புன்னு அது பேப்பர்லயே சொல்லிடுது, "எங்கம்மாகிட்டதானே குடுத்தீங்க"ன்னு பேச்சு வராது. ஆனா அதே வாலை அப்படியே காப்பி பண்ணி லெஸ்ஸீ பக்கமும் "வாரிசுகள், அசைன்ஸ்"னு ஒட்டிடுவாங்க. அசைன்ஸ்னா உரிமையை யாருக்கு மாத்தி விடறோமோ அவங்க. அப்புறம் எட்டாவது ஷரத்துல "லெஸ்ஸீ உள்வாடகைக்கு விடக்கூடாது"ன்னு இருக்கும். ஒரு பேப்பருக்குள்ளயே ரெண்டு பேச்சு. 1882 சட்டப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா லெஸ்ஸீ தன் உரிமையை மாத்தியும் விடலாம், உள்வாடகையும் விடலாம், அதனாலதான் ஓனர்ங்க தனியா ஒரு ஷரத்து போட்டு அதை அடைக்கறாங்க. அடைக்கறதா இருந்தா லெஸ்ஸீக்கு அந்த அசைன்ஸ் வால் வேண்டாம், எடுத்துடச் சொல்லுங்க. எடுக்கலைன்னாலும் குடி முழுகிடாது, படிக்கறவங்களுக்கு குழப்பம் வரும், அவ்வளவுதான்.

மூணாவது பணம். வருஷ வாடகை 2,64,000 ஆகுது. ஒரு லட்சத்துக்கு மேல போறதால எச்.ஆர்.ஏ கிளெய்ம்ல லாண்ட்லார்டோட பான் நம்பர் கேப்பாங்க. பையன் தன் பானைக் குடுத்து, ரசீதுல பையன் பேரு, அக்ரிமென்ட்ல அம்மா பேருன்னு இருந்தா ஆபீஸ்ல கிளெய்ம் பார்க்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க, என் டீம்லயே ஒருத்தருக்கு மார்ச் மாசக் கடைசில இப்படி ஆகி மனுஷன் அலையோ அலைன்னு அலைஞ்சார். அக்ரிமென்ட்ல லெஸ்ஸார் யாரோ அவங்க பான், அவங்க பேர்ல ரசீது, முடிஞ்சா அவங்க அக்கவுண்டுக்கே பணம். பையன் அக்கவுண்டுக்குத்தான் போடணும்னா "வாடகையையும் டெபாசிட்டையும் லெஸ்ஸாரின் மகனுடைய இந்த அக்கவுண்டில் செலுத்தினால் லெஸ்ஸாருக்குச் செலுத்தியதாகும்"னு ஒரு வரி அக்ரிமென்ட்லயே வரணும். அந்த வரி இல்லாம 1,50,000-ஐ பையனுக்கு அனுப்பினா, நாளைக்கு அம்மாவுக்கும் பையனுக்கும் மனஸ்தாபம் வந்தா நடுவுல நிக்கறது நீங்க. ஆன்ட்டி வெளிநாட்டுல செட்டில் ஆனவங்களான்னும் கேட்டுக்குங்க. லெஸ்ஸார் என்.ஆர்.ஐ.ன்னா டிடிஎஸ் பிடிச்சுக் கட்டற பொறுப்பு உங்க தலைல வரும், அப்போ பையன் இங்க இருக்காரேங்கறது கணக்குல வராது.

ஃபர்ஸ்ட் பார்ட்டி, செகண்ட் பார்ட்டி கேட்டீங்களே, அது இ-ஸ்டாம்ப் பேப்பர்ல வர்ற கட்டம். வழக்கமா ஃபர்ஸ்ட் பார்ட்டி ஓனர், செகண்ட் பார்ட்டி வாடகைக்கு வர்றவர். கீழ ஸ்டாம்ப் டூட்டி கட்டினது யாருன்னு இன்னொரு வரி இருக்கும், கடைக்குப் போறது நீங்கதான்ங்கறதால அங்க உங்க பேரு வரும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், பணம் கட்டினவர்ங்கறதால நீங்க ஃபர்ஸ்ட் பார்ட்டி ஆகிட மாட்டீங்க. ஃபர்ஸ்ட், செகண்ட்ங்கறதுல மரியாதை வரிசை எதுவும் இல்ல, ஆனா ஸ்டாம்ப்ல ஃபர்ஸ்ட் பார்ட்டின்னு இருக்கற ஆளும் உள்ள பத்திரத்துல லெஸ்ஸார்னு இருக்கற ஆளும் ஒருத்தரா இருக்கணும், ஸ்பெல்லிங் உட்பட, இனிஷியல் உட்பட. கடைல பேரு சொல்றப்போ வாயால சொல்லாதீங்க, ஆதார் ஜெராக்ஸைக் காட்டி டைப் பண்ணச் சொல்லுங்க. நம்ம ஊர் இனிஷியல் அங்க எப்படியெல்லாம் விரியும்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ உங்க டிராஃப்ட்ல முதல் பக்கம் ஒண்ணு, ரெண்டாம் பக்கம் ஒண்ணுன்னு இருக்கே, அது ரெண்டு பழைய அக்ரிமென்டை வெட்டி ஒட்டினதோட அடையாளம். அதுமட்டும்னா ஆபத்து இல்ல, ஆனா ஒட்டறப்போதான் ஆள் மாறும். எனக்கே நடந்துச்சு. பல வருஷம் முன்னாடி நான் எடுத்த முதல் வீடு, டெபாசிட் 80,000. தெருமுனை டைப்பிங் கடைல ரெடியா ஒரு ஃபைல் வச்சிருந்தாங்க, பேரை மட்டும் மாத்தி பிரிண்ட் குடுத்தாங்க, நானும் ஓனரும் நின்ன நிலைல எல்லா பக்கத்துலயும் கையெழுத்து போட்டோம். காலி பண்றப்போதான் உட்கார்ந்து படிக்கறேன், "லெஸ்ஸார் 80,000 ரூபாய் டெபாசிட் செலுத்தியுள்ளார், காலி செய்யும்போது லெஸ்ஸீ அதைத் திருப்பித் தருவார்"னு இருக்கு! அதாவது ஓனர் எனக்கு டெபாசிட் குடுத்த மாதிரியும் நான் அவருக்குத் திருப்பித் தரணும்ங்கற மாதிரியும். பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிக்கற ஷரத்து மட்டும் சரியா இருந்துச்சு, அதுல எப்படி தப்பு வரும். என் ஓனர் நல்ல மனுஷன், சிரிச்சுட்டு பெயின்டிங் போக மீதியை அனுப்பிட்டார். அவர் வம்பு பண்ணியிருந்தாலும் என் பேங்க் ஸ்டேட்மென்ட்ல 80,000 அவருக்குப் போனது இருந்துச்சு, பத்திரத்தை மொத்தமா படிச்சா யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு யாருக்கும் புரியும், ஒரு வார்த்தை மாறினதுக்காக பணம் ஓனருக்கு சொந்தமாகிடாது. ஆனா அதை நிரூபிக்க வேண்டிய தலைவலி நம்மளது.

அதனால டிராஃப்டை வேர்ட் ஃபைலா வாங்குங்க. லெஸ்ஸார், லாண்ட்லார்ட், ஓனர் எல்லாத்தையும் 'ஆன்ட்டி'ன்னு மாத்துங்க, லெஸ்ஸீ, டெனன்டையெல்லாம் 'நான்'னு மாத்துங்க. அப்புறம் மெதுவா படிச்சுப் பாருங்க. "ஆன்ட்டி மாதம் 5-ம் தேதிக்குள் வாடகை செலுத்த வேண்டும்", "நான் சொத்து வரி கட்டுவேன்"னு ஏதாவது வந்தா அங்கதான் ஆள் மாறியிருக்கு. பத்து நிமிஷ வேலை. சிரிப்பும் வரும். சரி பண்ணி முடிச்சதும் ஒரே ஜோடியா திருப்பி மாத்திடுங்க, எந்த ஜோடியா இருந்தாலும் சரி. எனக்கு ஓனர், டெனன்ட்தான் பிடிக்கும், ரெண்டு வார்த்தையும் பார்க்கவே வேற வேற மாதிரி இருக்கறதால கைதவறி மாறாது. ஒரே எழுத்துல ஆரம்பிச்சு வால்ல மட்டும் மாறற ஜோடியை டைப்பிங் கடைல விடறது நம்ம தலைல நாமே மண் போட்டுக்கற மாதிரி.

மும்பைல இருக்கற ஃப்ரெண்டு யாராவது அவங்க அக்ரிமென்டை மாடலா அனுப்பினா அதை எடுத்துக்காதீங்க. அங்க லீவ் அண்ட் லைசென்ஸ்னு எழுதுவாங்க, பார்ட்டிங்க லைசென்ஸார், லைசென்ஸீ. லீஸ்ல வீட்டை அனுபவிக்கற உரிமையே கை மாறுது, லைசென்ஸ்ல இருந்துக்கோன்னு அனுமதி மட்டும்தான். மகாராஷ்டிரால அதை எழுத்துல போட்டு ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம், கெடு முடிஞ்சும் காலி பண்ணலைன்னா ரெண்டு மடங்கு தொகைன்னு அந்த ஊர் சட்டத்துலயே இருக்கு, அதெல்லாம் அங்கத்தவங்களுக்கு. இங்க பேரை மட்டும் லைசென்ஸீன்னு மாத்திட்டா விஷயம் மாறிடாது. டெல்லில இம்பீரியல் ஹோட்டல்ல முடி வெட்டற கடைக்கு இடம் விட்ட வழக்கு ஒண்ணு 1959-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, பத்திரத்துல லைசென்ஸார், லைசென்ஸீன்னுதான் இருந்துச்சு, ஆனா பெரும்பான்மை நீதிபதிகள் அது லீஸ்தான்னு சொன்னாங்க. பத்திரத்துல வச்ச பேரைப் பார்க்காம ரெண்டு பேரும் என்ன நினைச்சு செஞ்சாங்க, இடம் யார் கைல முழுசா இருந்துச்சுன்னு பார்த்தாங்க.

பெங்களூர்ல இன்னொரு சிக்கல், 'லீஸ்'ங்கற வார்த்தையே இங்க வேற. "வீடு லீஸுக்கு"ன்னு போர்டு பார்த்தா அது நம்ம ஊர் ஒத்தி, போக்கியம், கன்னடத்துல போக்யா. பத்து, பதினஞ்சு லட்சம்னு மொத்தமா குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்கறது. புரோக்கர்கிட்ட "லீஸ் அக்ரிமென்ட் போடணும்"னு சொன்னா அதுதான்னு நினைச்சுப்பார், உங்களோடது 'ரென்டல் அக்ரிமென்ட்'னு சொல்லுங்க. அந்த ஒத்தில உட்கார்றவரையும் பேப்பர்ல லெஸ்ஸீன்னுதான் எழுதறாங்க, ஆனா நிஜத்துல அவர் பெரிய தொகை கடன் குடுத்துட்டு வட்டிக்கு பதிலா வீட்ல இருக்கற ஆள். அங்க ஓனர் பேர்ல வீடு இருக்கா, ஏற்கனவே பேங்க்ல அடமானத்துல இருக்கான்னு பார்க்காம லெஸ்ஸார்ங்கற வார்த்தையை நம்பி காசு குடுத்துடாதீங்க. அது தனிக் கதை.

கடைசியா, இன்னும் கையெழுத்து ஆகலைன்னா டிராஃப்டை முதல்ல ஓகே பண்ணிட்டு அப்புறம் இ-ஸ்டாம்ப் வாங்குங்க. பிரிண்ட் ஆன இ-ஸ்டாம்ப்ல பையன் பேரு ஃபர்ஸ்ட் பார்ட்டின்னு வந்துட்டா பேனால அடிச்சு அம்மா பேரு எழுதறது வேலைக்கு ஆகாது, புதுசா வாங்கறதுதான் வழி. கையெழுத்து போட்டப்புறம் உள்ள ஒரு லெஸ்ஸார், லெஸ்ஸீ மாறியிருக்கறது தெரிஞ்சா, அந்த வார்த்தையை ஒரு கோடு போட்டு அடிச்சு, மேல சரியானதை எழுதி, பக்கத்துல ஆன்ட்டியும் நீங்களும் தேதியோட கையெழுத்து போட்டுடுங்க, ரெண்டு பேர் காப்பிலயும்.